ஆண்டிபட்டி டு சிவகங்கை, மூணு பஸ் மாறணும்: மொத்தம் எவ்வளவு நேரம்னு எப்படி கணக்கு போடுறது?

ஆண்டிபட்டி மாமன் | 28 ஆகஸ்ட் 2024, இரவு 10:40

செப்டம்பர் 15 ஞாயித்துக்கிழமை அக்கா பையனுக்கு காதுகுத்து, சிவகங்கையில இருந்து உள்ள போற ஒரு ஊர்ல அவங்க குலதெய்வம் கோயில்ல வச்சிருக்காங்க. நான்தான் தாய்மாமன், 11 மணிக்கு என் மடியில தான் பையன உக்கார வைக்கணும், லேட்டா போற பேச்சுக்கே இடமில்ல. கூட அம்மா வர்றாங்க, 64 வயசு, முட்டி வலி. கையில சீர் சாமான் ரெண்டு பை.

ரூட்டு இதான்: வீட்டுல இருந்து ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டு நடை, 1.2 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை ஆரப்பாளையம். ஆரப்பாளையத்துல டவுன் பஸ் பிடிச்சு மாட்டுத்தாவணி. அங்கிருந்து சிவகங்கை. சிவகங்கையில அந்த ஊருக்கு போற டவுன் பஸ் 10:15க்கு, அத விட்டா அடுத்தது 12:30.

பஸ்ல உக்காந்திருக்கிற நேரம் மட்டும் கூட்டினா 1 மணி 40 நிமிஷம், 35 நிமிஷம், 1 மணி 15 நிமிஷம், மொத்தம் மூணரை மணி நேரம். மேப்ல போட்டா 3 மணி 55 நிமிஷம்னு காட்டுது. அப்போ காலையில ஆறு மணிக்கு வீட்ட விட்டு கிளம்பினா போதுமா? இந்த மாதிரி மாறி மாறி போறவங்க எப்படி கணக்கு போடுறீங்க?

ரயில் ரசிகன் | 28 ஆகஸ்ட், 11:05

எதுக்கு பஸ்ஸு, இப்போதான் போடி வரைக்கும் அகல ரயில் பாதை வந்துருச்சே, 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன்ல போடி வரைக்கும் விட்டாங்க. ஆண்டிபட்டில நிக்கும். மதுரை ஜங்சன்ல இறங்கினா பெரியார் பஸ் ஸ்டாண்டு நடந்து போற தூரம், அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ் வந்துகிட்டே இருக்கும். அம்மாவுக்கும் முட்டிய நீட்டி உக்கார வசதி.

ஆண்டிபட்டி மாமன் | 28 ஆகஸ்ட், 11:20

அண்ணே அந்த பாசஞ்சர் காலையில மதுரையில இருந்து இந்தப்பக்கம் வரும், சாயங்காலம் தான் திரும்பி மதுரைக்கு போகும். எனக்கு காலையில போகணும். முதநாளே போகலாம்னா சனிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிப்ட், வீட்டுக்கு வரவே ராத்திரி ஆயிரும்.

பாதி கணக்கு | 29 ஆகஸ்ட், காலை 7:10

ரொம்ப சிம்பிள் ப்ரோ. ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுன்னு பாருங்க, அதுல பாதிய வெயிட்டிங்னு போடுங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ்னா ஏழரை நிமிஷம், 20 நிமிஷத்துக்கு ஒண்ணுனா 10 நிமிஷம். பஸ்ல போற நேரத்தோட இத கூட்டினா முடிஞ்சது. மூணரை மணி நேரம் பிளஸ் ஒரு 25 நிமிஷம், மேப் சொல்ற 3:55 அப்படித்தான் வந்திருக்கும். ஆறு மணிக்கு கிளம்பினா 9:55க்கு சிவகங்கை, 20 நிமிஷம் கையில இருக்கு.

பழைய டைம்கீப்பர் | 29 ஆகஸ்ட், 9:30

தம்பி, பாதி போடுற கணக்கு பஸ்ஸு சொன்ன இடைவெளியில வந்தாத்தான் சரி. மதுரை டவுனுக்குள்ள அப்படி வராது. 15 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஷெட்டுல இருந்து எடுத்து விட்டாலும், முன்னாடி போற வண்டி ஒரு சிக்னல்ல மாட்டும், அடுத்த ஸ்டாப்புல கூட்டம் சேந்திருக்கும், ஏத்தி இறக்க லேட் ஆகும், அதனால அதுக்கடுத்த ஸ்டாப்புல இன்னும் கூட்டம். பின்னாடி வர்ற வண்டிக்கு ஆளே இருக்காது, வேகமா வந்து முன்னாடி வண்டிய தொட்டுரும். அப்புறம் ரெண்டும் ஒண்ணா வரும், அடுத்து ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது. ஸ்டாண்டுல நின்னு வண்டி நேரம் குறிச்சவன் நான், பாத்து பாத்து பழகிப் போனது.

இன்னொண்ணு. டவுன் பஸ்ஸையும் வெளியூர் பஸ்ஸையும் ஒரே கணக்குல போடாதீங்க. வெளியூர் வண்டிக்கு, அதுலயும் தனியார் வண்டிக்கு, ஸ்டாண்ட விட்டு எடுக்கிற நேரம் நிமிஷ சுத்தமா பெர்மிட்டுல இருக்கும். ஒரு நிமிஷம் கூட நின்னா பின்னாடி வண்டிக்காரன் சண்டைக்கு வந்துருவான். அதனால மாட்டுத்தாவணியில சிவகங்கை வண்டி கிளம்புற நேரத்த முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கிட்டா, அங்க காத்திருக்கிறது குருட்டாம்போக்கா இருக்காது. டவுன் பஸ்ஸுக்கு அப்படி எழுதி வச்சு பிரயோஜனமில்ல, இடைவெளிய மட்டும் தான் நம்பலாம்.

கணக்கு டீச்சர் | 29 ஆகஸ்ட், இரவு 8:15

டைம்கீப்பர் ஐயா சொன்னத நம்பர்ல போட்டுப் பாத்தா பாதி கணக்கு எங்க வழுக்குதுன்னு தெரியும். 30 நிமிஷத்துல ரெண்டு பஸ், சராசரி 15 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆனா முதல் பஸ் போய் 5 நிமிஷத்துல ரெண்டாவது, அப்புறம் 25 நிமிஷம் கழிச்சு மூணாவதுன்னு வச்சுக்குவோம். நீங்க ஏதோ ஒரு நேரத்துல ஸ்டாப்புக்கு வர்றீங்க. அந்த 30 நிமிஷத்துல 25 நிமிஷம் பெரிய இடைவெளி தானே, அதனால ஆறுல அஞ்சு தடவை நீங்க பெரிய இடைவெளிக்குள்ள தான் வந்து விழுவீங்க, அதுல சராசரியா பன்னெண்டரை நிமிஷம் நிப்பீங்க. ஆறுல ஒரு தடவை தான் சின்ன இடைவெளி, அதுல ரெண்டரை நிமிஷம். சேத்தா கிட்டத்தட்ட 10.8 நிமிஷம். ஏழரை இல்ல.

பஸ் எண்ணிக்கை குறையல, இடைவெளி கோணலானதுக்கே வெயிட்டிங் மூணு நிமிஷத்துக்கு மேல கூடிருச்சு. "நான் போனா மட்டும் பஸ் வராது"ன்னு ஜனங்க சொல்றது ராசி விஷயம் இல்ல, நீளமான இடைவெளிக்குள்ள தான் நிறைய பேர் வந்து சேருவாங்க, அதனால நிறைய பேருக்கு அந்த அனுபவம்.

பாதி கணக்கு | 29 ஆகஸ்ட், 8:40

ஓகே டீச்சர், டவுன் பஸ்ஸுக்கு ஒத்துக்கிறேன். ஆனா மூணு நிமிஷம் தானே, அதுக்காக ஆறு மணிய மாத்தணுமா?

கணக்கு டீச்சர் | 29 ஆகஸ்ட், 8:52

மூணு நிமிஷம்ங்கிறது சராசரியில தான் தம்பி. மோசமான நாள்ல 25 நிமிஷமும் நிக்கணும். 10:15 பஸ்ஸுக்கு சராசரி தெரியாதே, ஒரு நிமிஷம் லேட்டுனாலும் நேரா 12:30 தான். முழுசா எழுதிட்டு நாளைக்கு போடுறேன்.

மீனாட்சிபுரத்துக்காரி | 30 ஆகஸ்ட், காலை 6:45

அம்மாவ கூட்டிட்டு போறீங்களே, ஒண்ணு கேக்கணும். டவுன் பஸ்ல அவங்க ஃப்ரீ பஸ்ல தான் ஏறுவேன்னு சொல்லுவாங்களா? 2021ல இருந்து சாதா கட்டண டவுன் பஸ்ல எங்களுக்கு டிக்கெட் கிடையாது, எங்க அம்மா அதுல தவிர வேற எதுலயும் ஏற மாட்டாங்க. எட்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ் வந்தாலும் அதுல ஒண்ணு விட்டு ஒண்ணு தான் ஃப்ரீன்னா, அவங்களுக்கு பஸ் 16 நிமிஷத்துக்கு ஒண்ணு தான். ஸ்டாப்புல எத்தனை பஸ் வருதுங்கிறது முக்கியமில்ல, நாம ஏறத் தயாரா இருக்கிற பஸ் எத்தனைங்கிறது தான். தினமும் வேலைக்கு போறவங்களுக்கு அந்த காசு மாசத்துக்கு சேந்தா பெருசு, அதுக்காக பத்து நிமிஷம் நிக்கிறதுல அர்த்தம் இருக்கு. காதுகுத்து அன்னைக்கு எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறுவோம்மானு முதநாள் ராத்திரியே சொல்லி சம்மதம் வாங்கிருங்க, ஸ்டாப்புல நின்னு பேசிக்கிட்டிருக்காதீங்க.

ஆண்டிபட்டி மாமன் | 30 ஆகஸ்ட், 7:30

இது நான் யோசிக்காத விஷயம்க்கா. அம்மா கண்டிப்பா அப்படித்தான் சொல்லுவாங்க. பேசிருறேன்.

காளவாசல் குமார் | 30 ஆகஸ்ட், 1:15

ஆரப்பாளையம் வரைக்கும் எதுக்கு போறீங்க, தேனி ரோட்டுல வர்ற பஸ் காளவாசல் வழியாத்தான் வரும், அங்கயே இறங்கிருங்க. ஸ்டாண்டுக்குள்ள போய் திரும்பி வெளிய வர்ற நேரம் மிச்சம், பத்து நிமிஷம் ஈஸியா கிடைக்கும். நான் அப்படித்தான் போவேன்.

பழைய டைம்கீப்பர் | 30 ஆகஸ்ட், 4:00

காளவாசல்ல இறங்கினா ஸ்டாண்டுக்குள்ள போற நேரம் மிச்சம், வாஸ்தவம். ஆனா அங்க கிடைக்கிறதுல பாதிக்கு மேல பெரியார் போற வண்டி, பெரியார்ல இறங்கி திரும்ப மாட்டுத்தாவணிக்கு மாறணும். ஒரு மாறுதல் கூடிப்போச்சுன்னா அது ஒரு புது வெயிட்டிங், ஒரு புது நடை. ஆரப்பாளையத்துல மாட்டுத்தாவணி வண்டி அங்கயே கிளம்புது, காலியா நிக்கும், அம்மாவுக்கு உக்கார இடம் கிடைக்கும். காளவாசல் நடுவழி ஸ்டாப்பு, ரெண்டு பையோட முட்டி வலிக்காரங்க நின்னுகிட்டு போகணும். தனியாள் கையில பை இல்லாம போனா குமார் சொல்றது சரியா இருக்கலாம்.

காளவாசல் குமார் | 30 ஆகஸ்ட், 4:20

நேரா மாட்டுத்தாவணி போற பஸ்ஸும் காளவாசல்ல வரும் ஐயா. நான் தினமும் பாக்குறேன்.

பழைய டைம்கீப்பர் | 30 ஆகஸ்ட், 4:45

வரும், இல்லைன்னு சொல்லல. எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணுங்கிறது தான் கேள்வி. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு நின்னு பாத்துட்டு சொல்லு.

கணக்கு டீச்சர் | 30 ஆகஸ்ட், இரவு 9:30

சொன்னபடி எழுதிட்டேன். மாமன் சொன்ன நேரத்துல சாதாரண நாளுக்கு கொஞ்சம் குறைச்சும் மோசமான நாளுக்கு கொஞ்சம் கூட்டியும், இங்க பேசின இடைவெளி வச்சு போட்டது, உங்க கையில உள்ள நம்பர் வேறன்னா மாத்திக்கோங்க.

முதல்ல சாதாரண நாள். வீட்டுல இருந்து ஸ்டாண்டு 1.2 கிலோமீட்டர், மேப்புக்கு இது 15 நிமிஷம், ஏன்னா அது நிமிஷத்துக்கு 80 மீட்டர் நடக்கிற ஆள வச்சு போடுது. 64 வயசு முட்டி வலியோட நிமிஷத்துக்கு 50 மீட்டர் தான், அதனால 24 வரும், ரவுண்டா 25 நிமிஷம் போட்டேன். ஆண்டிபட்டியில காத்திருக்க 7, பஸ்ல ஆரப்பாளையம் வரைக்கும் 95. ஆரப்பாளையத்துல இறங்கி டவுன் பஸ் நிக்கிற இடம் வரைக்கும் 7, அங்க காத்திருக்க 8, மாட்டுத்தாவணி வரைக்கும் 32. மாட்டுத்தாவணியில சிவகங்கை பஸ் நிக்கிற இடத்துக்கு நடை 8, காத்திருக்க 10, சிவகங்கை வரைக்கும் 72. மொத்தம் 264 நிமிஷம், 4 மணி 24 நிமிஷம். மேப் சொன்னத விட அரை மணி நேரம் ஏற்கனவே கூடிருச்சு. அந்த கூடுன அரை மணி நேரத்துல பாதிக்கு மேல நடை தான். பஸ் வேகமா மெதுவாங்கிறத எல்லாரும் பாப்பாங்க, ஸ்டாண்டுக்குள்ள நடக்கிற தூரத்த யாரும் எழுத மாட்டாங்க.

இப்போ மோசமான நாள். 10:05க்கு சிவகங்கை ஸ்டாண்டுல இருக்கணும்னு வச்சு பின்னாடி இருந்து வாங்க. சிவகங்கை பஸ் 80 நிமிஷம் எடுத்தா 8:45க்கு மாட்டுத்தாவணிய விட்டிருக்கணும். 20 நிமிஷத்துக்கு ஒண்ணு, முழுசா காத்திருக்கணும்னா 8:25க்கு அங்க நிக்கணும், நடை 8 போனா 8:17க்கு டவுன் பஸ்ஸ விட்டு இறங்கணும். டவுன் பஸ் 40 எடுத்தா 7:37க்கு ஏறணும், 20 நிமிஷம் காத்திருந்தா 7:17, நடை 7, ஆக ஆரப்பாளையம் 7:10. அங்கிருந்து 1 மணி 45 பின்னாடி போனா 5:25, ஆண்டிபட்டியில 15 காத்திருந்தா 5:10, வீட்டுல இருந்து 4:45.

சாதாரணமா 5:41க்கு கிளம்பினா போதும், எல்லாமே சொதப்பினா 4:45. நடுவுல 56 நிமிஷம். இதுல எங்க நிக்கிறதுங்கிறது தான் விஷயம்.

பாதி கணக்கு | 30 ஆகஸ்ட், 9:50

எல்லாமே ஒரே நாள்ல சொதப்புமா என்ன? மூணு பஸ்ஸும் லேட், மூணு இடத்துலயும் முழு வெயிட்டிங், அது லாட்டரி அடிக்கிற மாதிரி.

கணக்கு டீச்சர் | 30 ஆகஸ்ட், 10:20

அதுல நீங்க சொல்றது சரிதான். ஆறு இடத்துல லேட் ஆக வாய்ப்பு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சாதாரணத்துக்கும் மோசத்துக்கும் இடையில உள்ள வித்தியாசம் 8, 10, 12, 8, 10, 8. நேரா கூட்டினா 56. ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம தனித்தனியா லேட் ஆகுதுன்னா, ஒண்ணு லேட் ஆகுறப்போ இன்னொண்ணு சீக்கிரமா வந்து ஈடுகட்டும். அப்போ ஒவ்வொண்ணையும் வர்க்கப்படுத்தி கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். 64, 100, 144, 64, 100, 64, கூட்டினா 536, வர்க்கமூலம் 23 சொச்சம். ஒரு 25ன்னு வச்சுக்கோங்க. 264 கூட 25, 289 நிமிஷம். 10:05ல இருந்து பின்னாடி போனா 5:16. அதனால அஞ்சே காலுக்கு வீட்ட விட்டு கிளம்பணும்னு நான் சொல்லுவேன்.

பழைய டைம்கீப்பர் | 31 ஆகஸ்ட், காலை 6:10

டீச்சரம்மா கணக்கு அழகா இருக்கு, ஆனா ஒரு இடத்துல எனக்கு ஒப்பல. தனித்தனியா லேட் ஆகும்னு சொல்றீங்க. மழை பேஞ்சா? முகூர்த்த நாளா இருந்தா? ஆண்டிபட்டியில வர்ற வண்டி தேனியிலயே நிறைஞ்சு வரும், ஆரப்பாளையத்துல கல்யாண கூட்டம், மாட்டுத்தாவணியில அதே கூட்டம், வழியில மண்டபத்துக்கு மண்டபம் கார் நிக்கும். ஒரே காரணம் மூணு வண்டியையும் பிடிச்சு நிறுத்தும். அன்னைக்கு ஒண்ணு லேட்டுன்னா இன்னொண்ணு சீக்கிரமா வந்து ஈடுகட்டாது, எல்லாம் ஒரே பக்கமா தான் சாயும். அப்போ உங்க 25 இல்ல, 56 தான். நான் 4:45ன்னு சொல்லுவேன்.

கணக்கு டீச்சர் | 31 ஆகஸ்ட், 7:00

அது முழுக்க சரி ஐயா. வர்க்கமூல கணக்கு காரணங்கள் வேற வேறயா இருக்கிற நாளுக்கு மட்டும் தான். மாமன், 15ஆம் தேதி முகூர்த்தமான்னு காலண்டர பாருங்க, முதநாள் மழை எப்படின்னும் பாருங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தா ஐயா சொல்றத கேளுங்க.

மாதவரம் மணி | 31 ஆகஸ்ட், 11:30

நான் மெட்ராஸ்ல இருந்து, சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். இத படிக்க படிக்க என் கதை தான் ஞாபகம் வருது. 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் ஸ்டாண்ட திறந்தாங்க, அதுக்கு முன்னாடி கோயம்பேடு வீட்டுல இருந்து பக்கம். ஊருக்கு எவ்வளவு நேரம்னு கேட்டா இப்பவும் வீட்டுல எல்லாரும் பஸ் நேரத்த மட்டும் சொல்றாங்க. விழுப்புரம் பஸ் கிளாம்பாக்கத்துல இருந்து கிளம்புறதால பஸ்ல உக்கார்ற நேரம் முன்னைவிட குறைஞ்சிருக்கு, ஆனா வடசென்னையில இருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேரவே அதுக்கு சமமா ஆகுது. டீச்சர், இதுக்கு ஒரு கணக்கு போட்டுத் தர முடியுமா?

கணக்கு டீச்சர் | 31 ஆகஸ்ட், 12:10

உங்க ஏரியா பஸ் இடைவெளி எனக்கு தெரியாது மணி, ஆனா முறை அதே தான். ஒரு வித்தியாசம், கிளாம்பாக்கத்துல இருந்து விழுப்புரம் பக்கம் போற பஸ் அடுத்தடுத்து கிளம்பும், ஒண்ண விட்டா இன்னொண்ணு. அதனால நீங்க பின்னாடி இருந்து கணக்கு போட வேண்டிய அவசியமில்ல, சராசரி போதும். கடைசி பஸ் அரிதா வர்றப்போ தான் பின்னாடி இருந்து வரணும்.

மேப் வேலைக்காரன் | 1 செப்டம்பர், மாலை 5:40

மேப் ஏன் 3:55ன்னு காட்டுதுன்னு சொல்றேன், இந்த டேட்டா வேலை கொஞ்ச நாள் பாத்திருக்கேன். பஸ் கால அட்டவணைய ஒரு பொது ஃபார்மட்ல தருவாங்க, அதுல transfers.txt-ன்னு ஒரு ஃபைல், ஒரு பஸ்ல இருந்து இறங்கி அடுத்த பஸ்ல ஏற குறைஞ்சது எத்தனை செகண்ட் வேணும்னு min_transfer_time-ல எழுதலாம். கட்டாயமில்லாததால நிறைய பேர் அத நிரப்ப மாட்டாங்க. பெரிய ஸ்டாண்ட ஒரே புள்ளியா போட்டு வச்சிருந்தா, ஒரு கோடியில இறங்கி மறு கோடியில ஏறுற நடை பூஜ்ஜியம் ஆயிரும். அதனால மேப்புல பாக்குறப்போ மாறுற இடத்துல எத்தனை நிமிஷம் நடைன்னு போட்டிருக்குன்னு தொட்டுப் பாருங்க. நடையே காட்டாம நேரா அடுத்த பஸ்ஸுக்கு போச்சுன்னா, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் நீங்களே சேத்துக்கணும்.

இன்னொரு விஷயம், மேப் உங்களுக்கு தர்றது அந்த அட்டவணைப்படி எல்லாம் சரியா ஓடினா கிடைக்கிற ஒரு பயணம். ஒரு பஸ்ஸ விட்டா என்ன ஆகும்னு தெரியணும்னா கிளம்புற நேரத்த பத்து பத்து நிமிஷமா தள்ளிப் போட்டுப் பாக்கணும். சேருற நேரம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போனா பயமில்ல, ஒரு இடத்துல திடீர்னு ரெண்டு மணி நேரம் குதிச்சா அங்க தான் ஆபத்து. உங்களுக்கு அந்த குதிப்பு 10:15ல இருக்கு.

மீனாட்சிபுரத்துக்காரி | 1 செப்டம்பர், 8:20

எல்லாரும் 4:45, 5:15ன்னு பேசுறீங்க, அந்த 10:15 பஸ் ஞாயித்துக்கிழமை ஓடுமான்னு யாராச்சும் கேட்டீங்களா? எங்க ஊர் பக்கம் காலையில வர்ற ஒரு நடை ஸ்கூல் பிள்ளைகளுக்காக விட்டது, லீவு நாள்ல வராது. போர்டுல நேரம் எழுதியே தான் இருக்கும்.

பழைய டைம்கீப்பர் | 1 செப்டம்பர், 8:35

இந்த பிள்ள கேட்டது தான் முதல் கேள்வியா இருந்திருக்கணும். அந்த ஊர்ல பஸ் ஸ்டாப் பக்கத்துல டீக்கடை வச்சிருக்கிறவங்கள கேக்க சொல்லு, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை நடையும் தெரியும், எந்த நாள்ல கட் பண்ணுவாங்கன்னும் தெரியும்.

ஆண்டிபட்டி மாமன் | 3 செப்டம்பர், இரவு 10:15

மச்சான்கிட்ட போன் போட்டு கேக்க சொன்னேன். 10:15 ஞாயித்துக்கிழமையும் ஓடுதாம், ஆனா ஸ்டாண்டுல நேரம் தள்ளி தான் எடுப்பாராம். 12:30 ஞாயித்துக்கிழமை கிடையாது, அடுத்தது 2 மணிக்கு மேல! அப்போ இன்னும் பயம் கூடிருச்சு. மச்சான் இன்னொண்ணு சொன்னாரு, ஒருவேளை பஸ்ஸ விட்டுட்டா சிவகங்கையில ஆட்டோ பிடிச்சு வா, ஊர்ல ஒருத்தர் ஆட்டோ வச்சிருக்காரு, நம்பர் தர்றேன், அரை மணி நேரத்துல வந்துருவாருன்னு.

கணக்கு டீச்சர் | 3 செப்டம்பர், 10:40

அந்த ஆட்டோ நம்பர் எல்லாத்தையும் மாத்திருச்சு. இதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் லேட்டுக்கு தண்டனை நாலு மணி நேரம், காதுகுத்தே போச்சு. இப்போ தண்டனை ஆட்டோ காசு மட்டும். 10:25க்கு சிவகங்கை போனாலும் 11 மணிக்கு கோயில்ல இருக்கலாம். 4:45க்கு அம்மாவ எழுப்பி கிளப்ப வேண்டிய அவசியம் இல்ல, 5:15 போதும். மதுரையில இருந்தே போன் போட்டு ஆட்டோக்காரர ரெடியா இருக்க சொல்லிருங்க, மாட்டுத்தாவணியில 8:55க்கு மேல பஸ் ஏறினா கூப்பிடணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கோங்க.

பழைய டைம்கீப்பர் | 4 செப்டம்பர், காலை 6:30

நான் இப்பவும் 4:45 தான் சொல்லுவேன். தாய்மாமன் விஷயம்.

பாதி கணக்கு | 4 செப்டம்பர், 7:15

நான் ஆறு மணின்னு சொன்னேன், டீச்சர் அஞ்சே கால், ஐயா நாலே முக்கால். எது நடக்குதுன்னு போயிட்டு வந்து ஒவ்வொரு இடத்துலயும் மணி எழுதுங்க ப்ரோ, ப்ளீஸ். எனக்கு உண்மையிலயே தெரிஞ்சுக்கணும்.

ஆண்டிபட்டி மாமன் | 16 செப்டம்பர், இரவு 9:00

நல்லபடியா முடிஞ்சது. பையன் அழுத அழுகையில என் வேட்டி சட்டை எல்லாம் சந்தனமும் கண்ணீரும் தான். கேட்ட மாதிரி மணி எல்லாம் போன்ல குறிச்சு வச்சேன்.

5:15க்கு வீட்ட விட்டோம், மழை இல்ல. ஸ்டாண்டுக்கு 5:38, டீச்சர் போட்ட 25க்கு ரெண்டு நிமிஷம் கம்மி. முதல்ல வந்த பஸ் நிறைஞ்சு வந்துச்சு, அம்மா நிக்க முடியாதுன்னு விட்டோம், அடுத்தது 5:50, அதுல சீட்டு. உசிலம்பட்டியில கொஞ்ச நேரம் போட்டு வச்சாங்க. ஆரப்பாளையம் 7:22. டவுன் பஸ் நிக்கிற இடத்துக்கு 7:30, அங்க ரெண்டு பஸ் ஒண்ணா கிளம்பி வெளிய போறத பாத்தேன், டைம்கீப்பர் ஐயா சொன்ன அதே கதை, அடுத்தது 7:46 வரைக்கும் வரல. காசு குடுத்து ஏறுற பஸ் தான், அம்மா ஒண்ணும் சொல்லல. மாட்டுத்தாவணி 8:15, ஞாயித்துக்கிழமை காலைங்கிறதால ரோடு காலி. சிவகங்கை பஸ் 8:25க்கு ஒண்ணு கிளம்பிக்கிட்டிருந்துச்சு, பையோட அம்மாவால ஓட முடியல, விட்டுட்டோம். அடுத்தது 8:42. சிவகங்கை 9:54. 10:15 பஸ்ஸ 10:24க்கு தான் எடுத்தாரு, கோயிலுக்கு 10:50.

வீட்டுல இருந்து சிவகங்கை வரைக்கும் 4 மணி 39 நிமிஷம். ஆறு மணிக்கு கிளம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்பவே மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன், இதே மாதிரி போயிருந்தா 10:39.

பாதி கணக்கு | 16 செப்டம்பர், 9:25

ரொம்ப நன்றி ப்ரோ. ஒண்ணு கவனிச்சீங்களா, ரெண்டு தடவை பஸ் கண்ணு முன்னாடி இருந்தும் நீங்க ஏறல. ஒண்ணு சீட்டு இல்ல, இன்னொண்ணு ஓட முடியல. இது நம்ம யார் கணக்குலயும் இல்ல.

மீனாட்சிபுரத்துக்காரி | 16 செப்டம்பர், 9:40

என் கணக்குல இருக்கு தம்பி, ஏறத் தயாரா இருக்கிற பஸ்ஸ மட்டும் எண்ணணும்னு சொன்னேன்ல. சீட்டோட வர்ற பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு பாக்கணும், வயசானவங்களுக்கு அதான் உண்மையான இடைவெளி.

காளவாசல் குமார் | 17 செப்டம்பர், காலை 8:05

ஐயா சொன்னாருன்னு ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு காளவாசல்ல நின்னேன். முக்கா மணி நேரத்துல நேரா மாட்டுத்தாவணிக்கு மூணு வந்துச்சு, அதுல ரெண்டு அடுத்தடுத்து. கையில பை இல்லாதவங்களுக்கு இன்னும் காளவாசல் தான் நல்லதுன்னு நினைக்கிறேன்.

பழைய டைம்கீப்பர் | 17 செப்டம்பர், 9:00

நின்னு பாத்த பாரு, அதுக்கே சந்தோஷம். வேலை நாள்ல ஒரு தடவை பாத்துட்டு பேசுவோம். மாமன், திரும்பி வந்த கதைய சொல்லலையே?

ஆண்டிபட்டி மாமன் | 17 செப்டம்பர், இரவு 10:30

திரும்பி வந்தது தான் பெரும்பாடு ஐயா. சாயங்காலம் ஆரப்பாளையம் வர்றப்போ ஏழு மணி, ஞாயித்துக்கிழமை ராத்திரி, கோயமுத்தூர் திருப்பூர் வேலைக்கு திரும்புறவங்க கூட்டம் ஸ்டாண்டு பூரா. தேனி பஸ் வந்துகிட்டே தான் இருந்துச்சு, ஆனா ஸ்டாண்டுக்குள்ள நுழையுறப்பவே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறாங்க. மூணு பஸ்ஸ விட்டோம். நாலாவதுல ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சு அம்மாவுக்கு இடம் குடுத்துச்சு, அதனால ஏறினோம், இல்லைன்னா இன்னும் நின்னிருப்போம். ஆண்டிபட்டி வர ராத்திரி 9:50. அந்த நேரத்துல 1.2 கிலோமீட்டர் அம்மாவால நடக்க முடியல, தெரிஞ்ச பையன் பைக்க எடுத்துட்டு வந்தான்.

அடுத்து தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு போகணும். தீபாவளிக்கு முந்தின நாள் ஆரப்பாளையத்துல எத்தனை பஸ்ஸ விடணும்னு யாராச்சும் அனுபவத்துல சொல்லுங்க, அத வச்சு தான் இப்பவே கணக்கு போடணும்.